கமிஷனும் கட்டணமும்: காப்பீட்டுச் சேமிப்புத் திட்டங்களில் தவறான விற்பனையை அறியும் வழி

இந்தியாவில் சேமிப்பவர் ஒருவருக்கு நிதி ஆலோசனை இரண்டு வழிகளில் கிடைக்கிறது. முதல் வழியில் ஆலோசனை இலவசம் போலத் தோன்றும். ஆலோசனை சொல்பவருக்கு உரிய ஊதியத்தை அவர் விற்கும் திட்டத்தை நடத்தும் நிறுவனம், சேமிப்பவர் கட்டும் பணத்திலிருந்தே கமிஷனாகக் கொடுத்துவிடும். இரண்டாம் வழியில் சேமிப்பவரே ஆலோசகருக்கு நேரடியாகக் கட்டணம் செலுத்துகிறார். ஆலோசகர் எந்த நிறுவனத்திடமிருந்தும் எதையும் பெறுவதில்லை. இவ்விரண்டில் எது நல்லது என்ற கேள்வியை முகவரின் நேர்மை சார்ந்த கேள்வியாகவே பலரும் பார்க்கிறார்கள். ஆனால் நேர்மையான முகவரும் தம் குடும்பத்தைத் தம் வருமானத்தில்தான் நடத்த வேண்டும் என்பதால், அவரது வருமானம் எந்தத் திட்டத்தில் எவ்வளவு கூடுகிறது என்பதைப் பார்ப்பதே ஆய்வுக்கு உரிய தொடக்கம்.

காப்பீட்டுச் சட்டம் 1938 நெடுங்காலம் விதித்திருந்த வரம்பின்படி, ஆயுள் காப்பீட்டு முகவர் ஒருவர் முதல் ஆண்டு பிரீமியத்தில் 35 சதவீதம் வரையிலும், இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் 7.5 சதவீதம் வரையிலும், அதன்பின் ஆண்டுதோறும் 5 சதவீதம் வரையிலும் கமிஷன் பெறலாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2023 ஏப்ரலில் நடைமுறைப்படுத்திய விதிகள் திட்டவாரியான வரம்புகளை நீக்கி, நிறுவனத்தின் மொத்த நிர்வாகச் செலவுக்கு உள்ள உச்ச வரம்புக்குள் கமிஷனை அந்தந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவே தீர்மானித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டன. மியூச்சுவல் ஃபண்டில் நடந்தது இதற்கு நேர் எதிரானது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி, முதலீட்டாளரின் பணத்திலிருந்து முதலிலேயே பிடித்து விநியோகஸ்தருக்குக் கொடுக்கப்பட்டுவந்த நுழைவுக் கட்டணத்தை 2009 ஆகஸ்டில் ஒழித்தது; விநியோகஸ்தர் இல்லாமலேயே வாங்கக்கூடிய ‘டைரக்ட்’ திட்டங்களை 2013 ஜனவரியில் கொண்டுவந்தது; முன்கூட்டிக் கொடுக்கும் கமிஷனை 2018இல் பெருமளவு தடுத்து, முதலீடு நிலைத்திருக்கும்வரை சிறுகச் சிறுகக் கிடைக்கும் தொடர் கமிஷன் முறைக்கு மாற்றியது.

இந்த இரு ஒழுங்குமுறைகளுக்கும் நடுவில்தான் தவறான விற்பனை விளைகிறது. சேமிப்பவர் கையில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் இருக்கிறது என்று கொள்வோம். அதைப் பத்தாண்டுக் காப்பீட்டுச் சேமிப்புத் திட்டத்தில் சேர்த்து, முதல் ஆண்டுக் கமிஷன் 30 சதவீதமாக இருந்தால், விற்றவருக்கு அந்த ஆண்டே 30,000 ரூபாய் கிடைக்கும். அதே தொகையை மியூச்சுவல் ஃபண்டில் சேர்த்து, தொடர் கமிஷன் ஒரு சதவீதமாக இருந்தால், கிடைப்பது சுமார் 1,000 ரூபாய். இறப்புக்கு மட்டும் காப்புத் தந்து முதிர்வில் எதையும் திருப்பித் தராத டேர்ம் இன்ஷூரன்ஸை விற்றால், அதன் கமிஷன் 40 சதவீதமாகவே இருந்தாலும், 15,000 ரூபாய் பிரீமியத்துக்கு 6,000 ரூபாய்தான் வரும். பி.பி.எஃப். என்னும் பொது வருங்கால வைப்பு நிதியைப் பரிந்துரைத்தால் ஒன்றும் வராது. ஆகவே ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் பொருத்தமாக அமையும் டேர்ம் காப்பீட்டையும் தனிச் சேமிப்பையும் சொல்பவருக்குச் சில ஆயிரங்களும், இரண்டையும் ஒன்றாகப் பிணைத்த திட்டத்தைச் சொல்பவருக்கு அதைப் போலப் பல மடங்கும் கிடைக்கும்படி ஏற்பாடு அமைந்திருக்கிறது. வங்கியில் விற்கப்படும்போது கமிஷன் வங்கிக்குப் போகிறது; கவுன்டரில் இருக்கும் ஊழியருக்கு மாதாந்தர இலக்கு என்ற வடிவில் அதே அழுத்தம் வந்துசேர்கிறது.

இந்த ஏற்பாடு நடத்தையை மாற்றுகிறது என்பதற்குச் சான்று உண்டு. சந்தோஷ் அனகோல், ஷான் கோல், ஷாயக் சர்க்கார் ஆகியோர் இந்திய ஆயுள் காப்பீட்டு முகவர்களிடம் பயிற்சி பெற்றவர்களை வாடிக்கையாளர்போல அனுப்பிச் செய்த ஆய்வு 2017இல் வெளியானது. டேர்ம் காப்பீடே தேவைப்படும் நிலையில் இருப்பதாகக் காட்டிக்கொண்டு போனவர்களுக்கும், கமிஷன் கூடுதலாகத் தரும் சேமிப்போடு கூடிய பாலிசிகளையே பெரும்பாலான முகவர்கள் பரிந்துரைத்தார்கள். இன்னும் கவனிக்க வேண்டிய முடிவு ஒன்றும் அதில் உண்டு. 2010 ஜூலையில் யூலிப் எனப்படும், சந்தையோடு இணைந்த காப்பீட்டுத் திட்டங்களுக்கு மட்டும் முகவரின் கமிஷனை வாடிக்கையாளரிடம் வெளிப்படுத்த வேண்டும் என்ற விதி வந்தபோது, முகவர்கள் யூலிப்பைப் பரிந்துரைப்பதைக் குறைத்துக்கொண்டு, கமிஷனை வெளியே சொல்லத் தேவையில்லாத பிற திட்டங்களின் பக்கம் நகர்ந்தார்கள். ஒரு திட்டத்தில் மட்டும் வெளிச்சம் போட்டால் விற்பனை இருட்டான திட்டத்துக்கு இடம்பெயர்கிறது என்பதால், வெளிப்படைத்தன்மை மட்டுமே மருந்து என்று சொல்வோரின் வாதம் இங்கே வலுவிழக்கிறது. மோனிகா ஹாலன், ரேணுகா சானே, சூசன் தாமஸ் ஆகியோரின் மற்றோர் ஆய்வு, 2004-05 முதல் 2011-12 வரை பாலிசிகள் இடையிலேயே காலாவதியானதால் மக்கள் இழந்த தொகை ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டும் என மதிப்பிட்டது. மத்திய அரசு அமைத்த சுமித் போஸ் குழுவும் 2015இல், முதலீட்டுத் தன்மை கொண்ட திட்டங்களில் முன்கூட்டிக் கொடுக்கும் கமிஷன் கூடாது என்று பரிந்துரைத்தது. காப்பீட்டில் அந்தப் பரிந்துரை நடைமுறைக்கு வராமல் போனது, சிறு சேமிப்பாளர் இன்றும் சுமக்கும் பாரம்.

சட்டம் மாறும்வரை சேமிப்பவர் செய்யக்கூடியது, சொல்லப்படும் எண்ணைத் தாமே சரிபார்ப்பது. இதற்கு ஒரு திட்டத்தை முழுமையாகப் பிரித்துப் பார்ப்பது உதவும். கீழ்வரும் எடுத்துக்காட்டு கற்பனையானதே என்றாலும் சந்தையில் பரவலாக விற்கப்படும் ‘உறுதியளிக்கப்பட்ட வருமானத் திட்டம்’ என்ற வகையின் வடிவத்தைக் கொண்டது. வாடிக்கையாளர் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாயாகப் பத்தாண்டுகள் கட்டுகிறார். கடைசித் தவணைக்குப் பின் சிறிது காலம் எதுவும் இல்லை. பன்னிரண்டாம் ஆண்டின் முடிவு தொடங்கி ஆண்டுக்கு 1,80,000 ரூபாயாகப் பத்தாண்டுகள் திரும்பப் பெறுகிறார். இடையில் இறந்தால் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய். விற்பவர் இதை, “பத்து லட்சம் கட்டுகிறீர்கள், பதினெட்டு லட்சம் வாங்குகிறீர்கள், வருடம் 18 சதவீதம் உறுதியாக வருகிறது, இதற்கு மேல் இன்ஷூரன்ஸும் உண்டு” என்று சொல்கிறார். இதில் எந்த எண்ணும் பொய்யில்லை. ஆனால் காலம் என்ற ஒன்று கணக்கிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

காலத்தை மீண்டும் கணக்கில் சேர்த்தால் திட்டத்தின் உண்மை உருவம் எளிதில் தெரிகிறது. முதல் ஆண்டின் தொடக்கத்தில் கட்டிய ஒரு லட்சம், பன்னிரண்டாம் ஆண்டின் முடிவில் 1,80,000 ஆகத் திரும்புகிறது. இரண்டாம் ஆண்டில் கட்டிய ஒரு லட்சம் பதின்மூன்றாம் ஆண்டின் முடிவில் திரும்புகிறது. இப்படிப் பத்துத் தவணைகளும் தனித்தனியே பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து 1.8 மடங்காகின்றன. 72 என்ற எண்ணை ஆண்டு வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் காலம் ஏறத்தாழக் கிடைக்கும் என்ற பழைய வாய்ப்பாட்டின்படி, பன்னிரண்டு ஆண்டில் இரட்டிப்பாக 6 சதவீதம் வேண்டும். இங்கே இரட்டிப்புக்கூட ஆகவில்லை; துல்லியமாகப் பார்த்தால் கிடைப்பது ஆண்டுக்கு 5 சதவீதக் கூட்டு வட்டி. தவணைகள் இவ்வளவு ஒழுங்காக அமையாத திட்டங்களுக்குக் கணினி விரிதாளில் ஓர் ஆண்டுக்கு ஒரு கட்டமாக, கட்டும் தொகையைக் கழித்தல் குறியோடும் பெறும் தொகையை நேர்க்குறியோடும், எதுவும் இல்லாத ஆண்டுக்குச் சுழியத்தையும் இட்டு, ஒரே ஒரு சூத்திரத்தைத் தட்டினால் போதும்:

```
=IRR(A1:A22)
```

மேற்கண்ட திட்டத்தில் முதல் பத்துக் கட்டங்களில் -100000, அடுத்த இரண்டில் 0, கடைசிப் பத்தில் 180000 என்று இட்டால் விடை 5.02 சதவீதம் என்று வரும். உள்ளார்ந்த வருவாய் விகிதம் எனப்படும் இந்த ஒற்றை எண்ணை விற்பவரிடம் எழுத்தில் கேட்பது மிகப் பயனுள்ள சோதனை. தம் திட்டத்தை அறிந்த முகவரால் இதைச் சொல்ல முடியும். பேச்சை மாற்றுபவரிடம் அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை.

வருவாய் குறைந்ததற்குக் காப்பீட்டுச் செலவே காரணம் என்ற விளக்கம் அடுத்து வரும். பத்து லட்சம் ரூபாய்க்கான காப்பை முப்பத்தைந்து வயதுள்ள, ஆரோக்கியமான ஒருவர் டேர்ம் பாலிசியாகத் தனியே வாங்கினால் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். அது பெரிய இடைவெளியை விளக்காது. இன்னொரு வாதத்துக்கு மதிப்புக் கொடுத்தாக வேண்டும்: பிரீமியம் வரம்புக்குள் இருந்தால் இத்தகைய பாலிசியின் வருமானத்துக்கு வரி இல்லை, 30 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு 7 சதவீத வைப்புத்தொகை வரிக்குப்பின் 5 சதவீதத்துக்கும் சற்றுக் கீழேதான் நிற்கும். எனவே வைப்புத்தொகையோடு மட்டும் ஒப்பிட்டால் திட்டம் அவருக்கு மோசமில்லை. ஆனால் பி.பி.எஃப். வட்டிக்கும் வரி இல்லை. 2020 ஏப்ரல் முதல் அதன் விகிதம் 7.1 சதவீதமாக இருக்கிறது. வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத ஓய்வூதியரிடமும் இல்லத்தரசியிடமும் ‘வரியில்லா வருமானம்’ என்று சொல்லி விற்பது, இல்லாத நோய்க்கு மருந்து விற்பதற்கு ஒப்பாகும்.

தவறான விற்பனையின் தடயங்கள் பெரும்பாலும் பேச்சுக்கும் காகிதத்துக்கும் இடையிலுள்ள முரண்பாட்டில்தான் கிடைக்கும். பலன் விளக்கப் படிவம் என்ற ஒன்றை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவரவர் வயதுக்கும் பிரீமியத்துக்கும் ஏற்பத் தயாரித்துத் தர வேண்டும் என்பது விதி. போனஸ் தரும் திட்டங்களிலும் யூலிப்களிலும் அது முதலீட்டு வருவாய் 4 சதவீதம், 8 சதவீதம் என்ற இரண்டு அனுமானங்களின்படி முதிர்வுத் தொகையைக் காட்டும். இவை செலவுகளைக் கழிப்பதற்கு முந்தைய விகிதங்கள், உறுதிமொழியும் அல்ல. முகவர் சொல்லும் தொகை 8 சதவீதப் பத்தியில் இருந்து, அதை அவர் ‘நிச்சயம்’ என்று சொன்னால், அங்கேயே விற்பனை தவறாகிவிட்டது. படிவத்துக்குப் பதிலாகக் கையால் எழுதிய தாளோ வாட்ஸ்அப்பில் வந்த வண்ணப் படமோ மட்டும் தரப்படுகிறது என்றால், படிவம் காட்டும் எண் விற்பனைக்கு உதவாது என்று கொள்ளலாம்.

அதே படிவத்தில் ‘பிரீமியம் செலுத்தும் காலம்’, ‘பாலிசிக் காலம்’ என்று இரண்டு தனித்தனி வரிகள் இருக்கும். வங்கியில் ஐந்து லட்சம் ரூபாய் வைப்புத்தொகை முதிர்ந்த மூத்த குடிமகன் ஒருவரிடம் “இதுவும் எஃப்.டி. மாதிரிதான், வட்டி கூடுதல்” என்று சொல்லப்பட்டிருந்தால், முதல் வரியில் ‘ஒருமுறை’ என்று இருக்கிறதா, 5, 7, 10 போன்ற எண் இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே அவரது ஓய்வுக்காலம் தங்கியிருக்கிறது. எண் இருந்தால் அவர் ஆண்டுதோறும் ஐந்து லட்சம் கட்ட ஒப்புக்கொள்கிறார் என்று பொருள். இரண்டாம் ஆண்டு கட்ட முடியாதபோது முதல் தவணையில் பெரும்பகுதி போய்விடக்கூடும். காப்புப் பெறுபவர் என்ற இடத்தில் அவர் பெயருக்குப் பதில் மகன் பெயரோ பேத்தி பெயரோ இருப்பதும் கேள்விக்குரியது; வயதானவருக்குக் காப்பீட்டுக் கட்டணம் கூடும் என்பதால் விற்பனையை முடிப்பதற்காகப் பெயர் மாற்றப்படுவது உண்டு. ‘ஐந்து வருடம் கட்டினால் போதும்’ என்ற சொல் யூலிப்பில் அடிக்கடி கேட்கும். 2010 செப்டம்பர் முதல் யூலிப்புக்கு ஐந்தாண்டு பூட்டுக்காலம் உண்டு என்பதுதான் அதற்கு அடிப்படை. பணத்தை அதற்கு முன் எடுக்க முடியாது என்பதே அதன் பொருள், அதற்குள் திட்டம் நிறைவடைகிறது என்பதல்ல.

முன்மொழிவுப் படிவமும் பேசும். அதில் வாடிக்கையாளரின் ஆண்டு வருமானம் உள்ளதைவிடக் கூட்டி எழுதப்பட்டிருந்தாலும், கைப்பேசி எண்ணுக்கு முகவரின் எண் தரப்பட்டிருந்தாலும், நிறுவனத்திலிருந்து வரும் சரிபார்ப்பு அழைப்பில் “எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கள்” என்று முன்கூட்டியே சொல்லித்தரப்பட்டாலும், வாடிக்கையாளர் கையெழுத்திடாமல் எழுந்துவிடுவதே தகும். அந்தப் பதிவு செய்யப்பட்ட ‘ஆமாம்’தான் பிற்பாடு புகார் கொடுக்கும்போது நிறுவனத்தின் முதல் சான்றாக வந்து நிற்கும். முதல் தவணையில் ஒரு பகுதியைத் தாமே போடுவதாக முகவர் முன்வருவதும் காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி குற்றம். அவருக்குக் கிடைக்கும் பங்கு எவ்வளவு பெரியது என்பதையும் அது காட்டிக்கொடுக்கிறது.

கட்டண ஆலோசனை இந்த முரணைப் பெருமளவு நீக்குகிறது. செபியின் 2013ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் விதிகளும், அவற்றுக்கு 2020இல் வந்த திருத்தமும், பதிவுபெற்ற தனிநபர் ஆலோசகர் விநியோகத் தொழில் செய்யக் கூடாது என்றும், பதிவு இல்லாத விநியோகஸ்தர் தம்மை ஆலோசகர் என்று அழைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொல்கின்றன. சரிபார்ப்பது எளிது: ஆலோசகரின் பதிவு எண் INA என்று தொடங்கும், அதைச் செபியின் இணையதளத்தில் தேடலாம், ARN என்று தொடங்கும் எண் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தருடையது. தனிநபர் குடும்பங்களுக்கான கட்டணத்துக்கும் உச்ச வரம்பு உண்டு. கட்டணமும் வாங்கிக்கொண்டு, மனைவி அல்லது சகோதரர் பெயரிலுள்ள ஏஜென்சி வழியாகக் கமிஷனும் பெறுபவர் இந்த வகையில் சேரமாட்டார் என்பதால், “எந்த வழியிலும், எவர் பெயரிலும், என் முதலீட்டிலிருந்து உங்களுக்கு வருமானம் உண்டா” என்ற கேள்விக்கு ஒப்பந்தத்திலேயே பதில் எழுதி வாங்குவது நல்லது.

எனினும் இந்த முறைக்கும் குறைகள் உண்டு. பதிவுபெற்ற ஆலோசகர்கள் நாடு முழுவதிலும் சேர்த்தே மிகச் சிலர்தான். ஆயுள் காப்பீட்டு முகவர்களோ லட்சக்கணக்கில், சிற்றூர்வரை இருக்கிறார்கள். மாதம் இரண்டாயிரம் ரூபாய் சேமிப்பவருக்கு ஆண்டுக்கு இருபதாயிரம் ரூபாய்க் கட்டணம் எவ்வகையிலும் கட்டுப்படியாகாது. 2012 முடிவில் முதலீட்டு ஆலோசனைக்கான கமிஷனைத் தடை செய்த பிரிட்டனிலும், சிறு தொகை வைத்திருப்போருக்கு ஆலோசனை எட்டாமல் போய்விட்டதே என்ற கவலை எழுந்தது. கட்டணம் வாங்கும் விதத்திலும் சார்பு ஒளிந்திருக்கலாம்: நிர்வகிக்கும் சொத்தில் ஒரு சதவீதம் என்று வாங்குபவருக்கு, அந்தப் பணத்தைக் கொண்டு வீட்டுக்கடனை அடைத்துவிடுமாறு சொல்வதில் நட்டம் உண்டு, ஒரே தொகையாக வாங்குபவருக்கு அந்த நட்டம் இல்லை. ஆகவே சிறு சேமிப்பாளர் ஆண்டுக்கணக்கான ஒப்பந்தத்தைவிட, ஒரே முறை கட்டணம் கொடுத்துத் திட்டம் ஒன்றை வகுத்துக்கொள்வதே பொருத்தம். முப்பதாயிரம் ரூபாய்க் கமிஷன் கண்ணுக்குத் தெரியாமல் போவதால் வலிப்பதில்லை. பதினைந்தாயிரம் ரூபாயைக் கையால் எண்ணிக் கொடுப்பது வலிக்கிறது. கட்டண ஆலோசனை பரவாததற்கு இந்த வலி ஒரு பெரிய காரணம்.

ஏற்கெனவே பாலிசி வாங்கிவிட்டவருக்கு முதல் வாசல், பத்திரம் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்கள் நீடிக்கும் ‘ஃப்ரீ லுக்’ காலம். அதற்குள் எழுத்தில் திருப்பிக் கொடுத்தால் சிறு கழிவுகள் போக மீதிப் பணம் வந்துவிடும். அது கடந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையென்றாலோ பதில் நிறைவளிக்கவில்லையென்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அதன் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. முகவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் கையால் எழுதிக் கொடுத்த தாளும் அங்கே மதிப்புப் பெறும், வாய்ப்பேச்சு பெறாது.

எல்லா வழியும் அடைபட்ட பிறகு, பாலிசியைத் தொடர்வதா, சரண்டர் செய்வதா என்ற கேள்வி மிஞ்சும். அதைக் கோபத்தில் முடிவு செய்வது மற்றோர் இழப்பில் கொண்டுபோய் விடலாம். மேலே பார்த்த திட்டத்தில் மூன்று தவணை கட்டிவிட்ட ஒருவருக்கு, நான்காம் தவணை வரும் நாளில் சரண்டர் மதிப்பு 1,20,000 ரூபாய் என்று கொள்வோம். கட்டிய மூன்று லட்சம் இனிக் கணக்கில் வராது. அவர் இன்று விட்டுக்கொடுப்பது அந்த 1,20,000 ரூபாயையும், இனிக் கட்டப்போகும் ஏழு தவணைகளையும்தான். அவற்றுக்கு ஈடாகப் பத்தாண்டு வருமானம் முழுவதும் கிடைக்கிறது என்பதால், அந்த நாளிலிருந்து கணக்கிட்டால் வருவாய் ஏறத்தாழ 7.5 சதவீதம் ஆகிறது. தொடக்கத்தில் 5 சதவீதமே தரும் மோசமான திட்டம், நட்டத்தின் பெரும்பகுதியை ஏற்கெனவே சுமந்துவிட்டவருக்கு, இனித் தவறாமல் கட்ட முடிந்தால், ஏற்கத்தக்கதாகிவிடுகிறது. சரண்டர் மதிப்பு இதைவிடக் கணிசமாகக் கூடினாலோ, தவணை கட்டுவது குடும்பத்தை நெருக்கினாலோ முடிவு மாறும். இந்தக் கணக்கைப் போடாமலே “பழைய பாலிசியை முடித்துவிட்டு அந்தப் பணத்தை இந்தப் புதிய திட்டத்தில் போடுங்கள்” என்று வருபவர், வாடிக்கையாளரை மீண்டும் முதல் ஆண்டுக் கமிஷனின் கட்டத்துக்கே கொண்டுபோகிறார்.